நாலு மாசமா வராத பென்ஷனும் நான் கருவூலத்துக்கு எழுதின புகாரும்

பென்ஷன் வரலைன்னா நம்ம ஆளுங்க முதல்ல ஓடுறது பேங்குக்கு. அங்க பாஸ்புக்க வாங்கிப் பாத்துட்டு "எங்களுக்கு எதுவும் வரல மேடம், டிரெஷரில கேளுங்க"ன்னு சொல்லிடுவாங்க. அடுத்து சிலர் சென்னைல இருக்க ஏ.ஜி. ஆபீசுக்கு லெட்டர் போடுவாங்க, சிலர் கடைசியா வேலை பாத்த ஸ்கூல் ஹெச்.எம்-கிட்ட போய் நிப்பாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் இதுலயே போயிடும். தமிழ்நாட்டு அரசு ஆசிரியருக்கு பென்ஷன் எவ்வளவுன்னு முடிவு பண்ணி பி.பி.ஓ. நம்பர் போட்டு உத்தரவு குடுக்குறது ஏ.ஜி. ஆபீஸ், அதோட அவங்க வேலை பெரும்பாலும் முடிஞ்சிடுது. மாசாமாசம் பில் போட்டு நம்ம அக்கவுண்டுக்கு பணத்த அனுப்புறது கருவூலம், சின்ன ஊர்னா சார்நிலைக் கருவூலம், சென்னைக்காரங்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். பேங்க் வர்ற பணத்த வரவு வைக்குது, அவ்வளவுதான். அதனால பென்ஷன் நின்னா கேள்வி போகவேண்டிய இடம் கருவூலம்.

எனக்கு 2024 ஜூலைலேருந்து அக்டோபர் வரைக்கும் நாலு மாசம் பென்ஷன் வரல. நான் அரசு உயர்நிலைப் பள்ளில கணக்கு டீச்சரா இருந்து 2014 மே 31ல ரிட்டயர் ஆனவ. பத்து வருஷமா ஒரு மாசம் கூட தவறாம கடைசி வேலை நாள்ல மெசேஜ் வந்துடும் (மார்ச் மாச பென்ஷன் மட்டும் ஏப்ரல்ல வரும், அது எல்லாருக்கும் அப்படித்தான்). அது திடீர்னு நின்னா நம்மள மாதிரி ஒத்த வருமானக்காரங்களுக்கு என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியதில்ல. சுகர் மாத்திரை, வீட்டு வாடகை, தம்பி மகளுக்கு காலேஜ் ஃபீஸ்ல பாதி நான் குடுக்குறதா சொன்னது, எதுவும் எனக்காக நிக்கல. செப்டம்பர்ல என் வளையல பேங்க்ல வச்சு 60,000 ரூபா நகைக்கடன் எடுத்தேன். அரசாங்கம் எனக்குத் தரவேண்டிய பணம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கு, நான் வட்டி கட்டிட்டு இருக்கேன். அந்தக் கோவம் இன்னும் எனக்குப் போகல.

நின்னதுக்குக் காரணம் என்னன்னு கண்டுபிடிக்கவே ஆகஸ்ட் ஆயிடுச்சு. அத விவரமா சொல்றேன், ஏன்னா இது இன்னும் நிறைய பேருக்கு நடக்கப்போகுது.

வருஷத்துக்கு ஒரு தடவ நாம உயிரோட இருக்கோம்னு காட்டணும் இல்லையா, நேர்காணல்னு பேப்பர்ல இருக்கும், நாம மஸ்டரிங்னு சொல்லுவோம். முன்னாடி ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும் எல்லாரும் ஒண்ணா போய் கருவூலத்து வாசல்ல வெயில்ல நிப்போம். கொரோனா சமயத்துல அத நிறுத்தி வச்சாங்க, அப்புறம் 2023லேருந்து அவங்கவங்க ரிட்டயர் ஆன மாசத்துல பண்ணணும்னு மாத்திட்டாங்க. நல்ல மாத்தம்தான், கூட்டம் கொறஞ்சிருச்சு. எனக்கு மே மாசம். அந்த மாசம் தவறினா அடுத்த மாசம் வரைக்கும் அவகாசம், அதுக்கப்புறமும் பண்ணலைன்னா பென்ஷன் தானா நின்னுடும். நேர்ல போக முடியாதவங்களுக்கு ஜீவன் பிரமாண் இருக்கு, ஆதார் நம்பரும் கைரேகையும் வச்சு ஆன்லைன்ல உயிர்ச் சான்று எடுக்குறது, போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபா வாங்கிட்டு எடுத்துக் குடுக்குற வசதியும் 2022லேருந்து நம்ம மாநிலத்துல இருக்கு.

அந்த மே மாசம் நான் புனேல மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். அங்க பக்கத்துல ஒரு சேவை மையத்துல பி.பி.ஓ. புக், ஆதார், பாஸ்புக் மூணையும் குடுத்து சான்று எடுத்தேன். கைரேகை வச்சதும் போனுக்கு பிரமாண் ஐடி நம்பரோட மெசேஜ் வந்துச்சு, ஒரு பிரிண்டும் குடுத்தாங்க, ஃபைல்ல போட்டு வச்சேன். ஜூன் பென்ஷனும் சரியா வந்துச்சு. ஜூலைலதான் நின்னுச்சு.

ஆகஸ்ட்ல ஊருக்கு வந்து சார்நிலைக் கருவூலத்துல கேட்டா, கவுண்டர்ல இருந்த தம்பி கம்ப்யூட்டர்ல பி.பி.ஓ. நம்பர போட்டுப் பாத்துட்டு "டீச்சர், நீங்க மஸ்டர் பண்ணவே இல்லையே, அதான் ஸ்டாப் ஆயிருக்கு"ன்னார். நான் பிரிண்ட எடுத்து நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் படிச்சுட்டு ஒரு வரிமேல விரல வச்சு காமிச்சார். பென்ஷன் வழங்குற அமைப்புன்னு இருக்க இடத்துல தமிழ்நாடு கருவூலத்துக்குப் பதிலா என் பேங்க் பேரு. உத்தரவு குடுத்த அமைப்புங்குற இடத்துலயும் மத்திய அரசுத் துறைன்னு விழுந்திருந்துச்சு.

இப்ப யோசிச்சா புரியுது. அந்த மையத்துக்கு வர்றவங்க முக்காவாசி பேரு மத்திய அரசு, ராணுவ பென்ஷன்காரங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு பென்ஷன் பேங்க் வழியாத்தான் வருது, அதனால அங்க உக்காந்திருந்த பையன் பாஸ்புக்க பாத்ததும் பழக்கத்துல பேங்கையே தேர்ந்தெடுத்துட்டான். சான்று நிஜம், கைரேகை நிஜம், பிரமாண் ஐடியும் நிஜம், ஆனா அது போய்ச் சேர்ந்த இடம் வேற. பேங்குக்கு நான் பென்ஷன்தாரரே இல்ல, சும்மா ஒரு அக்கவுண்ட் வச்சிருக்கவ, அதனால அங்க யாரும் அத எடுத்துப் பாக்க மாட்டாங்க. கருவூலத்துக்கோ அப்படி ஒரு சான்று வந்ததே தெரியாது. பிரமாண் ஐடி வந்துச்சுன்னா சான்று உருவாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், பென்ஷன் குடுக்குற ஆபீஸ் அத ஏத்துக்கிச்சான்னு அந்த நம்பரால தெரியாது. இத எனக்கு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்ல, மெசேஜ்லயும் அப்படி ஒரு வார்த்தை இல்ல.

சரி, அன்னைக்கே நேர்ல மஸ்டரிங் முடிச்சேன். கைரேகை வச்சாங்க, ஒப்புகைச் சீட்டு குடுத்தாங்க. "இந்த மாசக் கடைசில வந்துடும்மா"ன்னாங்க. வரல. கேட்டதுக்கு மாச நடுவுலயே பில் தயாராயிடும், நீங்க அதுக்கப்புறம் வந்தீங்கன்னு பதில். சரி நியாயம்தான்னு விட்டேன். செப்டம்பர் கடைசிலயும் வரல. இப்ப கேட்டா "எண்ட்ரி போட்டாச்சு டீச்சர், அப்ரூவல் ஆகணும்"னாங்க. அக்டோபர் 31 தீபாவளி, எல்லாருக்கும் அதுக்கு முன்னாடியே பென்ஷன் வந்துடுச்சு, எங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல அகவிலைப்படி 50லேருந்து 53 சதவீதம் ஆனத கூட்டிக் கழிச்சு ஒவ்வொருத்தரும் சந்தோஷமா மெசேஜ் போட்டுட்டு இருந்தாங்க. எனக்கு அதுவும் இல்ல. தீபாவளி முடிஞ்ச வாரம்தான் இனிமே வாயால கேக்குறதில்லன்னு முடிவெடுத்தேன்.

கவுண்டர்ல நின்னு கேக்குறதுல ஒரு பெரிய குறை இருக்கு. நாம வந்தோம்ங்குறதுக்கு எங்கயும் பதிவு இல்ல. அந்தத் தம்பி நல்ல மனுஷன், மரியாதையா பேசினார், ஆனா அவர் கைல எதுவும் இல்ல. அந்த சாஃப்ட்வேர்ல ஒருத்தர் பதிவு போடணும், இன்னொருத்தர் சரிபாக்கணும், மூணாவதா அதிகாரி ஒப்புதல் குடுக்கணும், மூணு லாகினும் தாண்டினாத்தான் நின்ன பென்ஷன் மறுபடி ஓடும். எந்த லாகின்ல நிக்குதுன்னு நமக்குத் தெரியாது, கவுண்டர்ல இருக்கவருக்கு அத தள்ளிவிடவும் முடியாது. அதனால புகார அதுக்கு மேல இருக்க மாவட்டக் கருவூல அலுவலருக்கு எழுதினேன், நகல் சார்நிலைக் கருவூலத்துக்கும் சென்னை நந்தனத்துல இருக்க கருவூலக் கணக்குத் துறை ஆணையருக்கும்.

முதல்ல எழுதினப்ப ரெண்டு பக்கம் வந்துச்சு, மக பிரசவம், நகைக்கடன், தீபாவளி எல்லாம் அதுல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு கருவூல ஊழியர் அண்ணன் ஒருத்தர் அத வாங்கிப் படிச்சுட்டு "டீச்சரம்மா, இத படிக்கிறவங்களுக்கு பாவமா இருக்கும், ஆனா என்ன பண்ணணும்னு இதுல இல்லையே, தேதியும் என்ன வேணும்ங்குறதும் மட்டும் வைங்க"ன்னார். வேலை பாத்த காலம் முழுக்க அந்தப் பக்கம் உக்காந்திருந்தவர் சொன்னது. அப்படிச் சுருக்கினதுதான் கீழ இருக்கு, வேணும்ங்குறவங்க இதே மாதிரி மாத்தி எழுதிக்கலாம்.

பொருள்: 2024 ஜூலை முதல் அக்டோபர் முடிய நான்கு மாத ஓய்வூதியம் வரவு வைக்கப்படாதது, நிலுவையுடன் வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா, நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றி 31.05.2014 அன்று ஓய்வு பெற்றேன். 2024ஆம் ஆண்டுக்கான மின்னணு உயிர்ச் சான்று மே மாதத்திலேயே எடுக்கப்பட்டது. அதில் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு தவறாகப் பதிவாகியிருந்ததால் அது கருவூலத்துக்கு வந்து சேரவில்லை என ஆகஸ்ட் மாதம் தெரிவிக்கப்பட்டது. அன்றே நேரில் நேர்காணல் முடித்து ஒப்புகை பெற்றுள்ளேன். அதன் பின்னரும் செப்டம்பர், அக்டோபர் மாத ஓய்வூதியங்கள் வரவு வைக்கப்படவில்லை.

எனவே என் நேர்காணல் பதிவு எந்த நிலையில் எந்தத் தேதி முதல் நிலுவையில் உள்ளது என்பதைத் தெரிவிக்குமாறும், நவம்பர் மாதப் பட்டியலிலேயே என் ஓய்வூதியத்தைச் சேர்க்குமாறும், நான்கு மாத நிலுவையை 01.07.2024 முதல் உயர்த்தப்பட்ட 53 சதவீத அகவிலைப்படியுடன் கணக்கிட்டுத் தனிப் பட்டியலாகத் தயாரித்து வழங்குமாறும், காலதாமதத்துக்கு வட்டி வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். கூட பி.பி.ஓ. புக்கோட முதல் பக்கம், மே மாச பிரமாண் பிரிண்ட், ஆகஸ்ட் ஒப்புகைச் சீட்டு, ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் உள்ள பாஸ்புக் பக்கம், இதுங்களோட நகல். மாவட்ட அலுவலகத்துல தபால் பிரிவுல குடுத்து என் காப்பில தேதியோட சீல் வாங்கிக்கிட்டேன். சீல் போட யோசிச்சாங்கன்னா அங்க நின்னு வாதாடாம ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிடலாம், அந்த ரசீதே போதும்.

அதே நாள்ல தனியா ஒரு தகவல் உரிமைச் சட்ட மனுவும் போட்டேன், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. நிறைய பேரு ஆர்.டி.ஐ.ல "ஏன் எனக்கு பென்ஷன் குடுக்கல"ன்னு கேக்குறாங்க, அப்படி கேட்டா பதில் வராது, ஏன்னா அந்தச் சட்டம் ஆபீஸ்ல இருக்க பதிவுகளத் தரச் சொல்லுதே தவிர விளக்கம் சொல்லச் சொல்லல. நான் கேட்டது, என் நேர்காணல் பதிவு எந்தத் தேதில போடப்பட்டுச்சு, எந்தத் தேதில சரிபாக்கப்பட்டுச்சு, எந்தத் தேதில ஒப்புதல் ஆச்சு, ஒவ்வொரு நிலையிலும் இருந்தவங்களோட பதவி என்ன, இது மட்டும். 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். முதல்வரின் முகவரிக்கும் 1100க்கு போன் போட்டுப் பதிஞ்சேன், அது திரும்ப அதே கருவூலத்துக்குத்தான் வரும், ஆனா பதில் எழுதி முடிச்சு வைக்கவேண்டிய கட்டாயம் அவங்களுக்கு வருது.

நவம்பர் கடைசில மெசேஜ் வந்துச்சு. நவம்பர் மாசத்துக்கு மட்டும். நாலு மாச அரியர்ஸ் அதுல இல்ல. இதத்தான் அந்த அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தார், பென்ஷன் மறுபடி ஓட ஆரம்பிக்கிறதும் நின்ன மாசத்துப் பணம் வர்றதும் ரெண்டும் வேற வேற வேலை, அரியர்ஸுக்குத் தனி பில் போடணும், வழக்கமான பென்ஷன் வந்ததும் நாம நிம்மதியாயிடுவோம், ஆபீஸ்லயும் "அதான் சரி பண்ணியாச்சே"ன்னு ஃபைல மூடிடுவாங்கன்னு. நான் தனிப் பட்டியல்னு மனுவுலயே எழுதிக் கேட்டிருந்ததால திரும்ப ஒரு தடவ நினைவூட்டினதோட டிசம்பர் நடுவுல அந்தப் பணமும் வந்துச்சு.

வந்த பணத்த அப்படியே எடுத்துக்காம கணக்குப் போட்டுப் பாத்தேன். என் அடிப்படை பென்ஷன் 22,800. 50 சதவீத அகவிலைப்படின்னா 11,400, 53 சதவீதம்னா 12,084. மாசத்துக்கு 684 ரூபா வித்தியாசம். மருத்துவப் படி 300 சேத்து, கம்யூட்டேஷன், காப்பீட்டு பிடித்தம் எல்லாம் கழிச்சுப் பாத்தா, வந்த தொகை பழைய 50 சதவீதத்துல போடப்பட்டது. நாலு மாசத்துக்கு 684 வீதம் 2,736 ரூபா கொறையுது. பென்ஷன் நின்னது ஜூலைல, அப்ப 50 சதவீதம்தான் ஓடிட்டு இருந்துச்சு, 53 ஆன அறிவிப்பு அக்டோபர்லதான் வந்துச்சு, ஆனா அது ஜூலை 1லேருந்து அமல். பில் போட்டவங்க நின்ன மாசத்துல இருந்த விகிதத்த அப்படியே நாலு மாசத்துக்கும் எடுத்துட்டாங்க. ஜூலையிலயோ ஜனவரியிலயோ அகவிலைப்படி ஏறுற சமயத்த ஒட்டி யாருக்கு பென்ஷன் நின்னு அரியர்ஸ் வந்தாலும் இந்த ஒரு பெருக்கலப் போட்டுப் பாத்துடுங்க. ஒரு பக்கக் கணக்கோட ரெண்டாவது லெட்டர் குடுத்தேன், அந்த 2,736 ஜனவரி பென்ஷனோட சேந்து வந்துச்சு.

இதுக்கு நடுவுல ஆர்.டி.ஐ. பதிலும் வந்திருந்துச்சு. பதிவும் சரிபாப்பும் ஆகஸ்ட்லயே முடிஞ்சிருக்கு. ஒப்புதல் மட்டும் நவம்பர்ல. நடுவுல அந்த அதிகாரி மாறுதல்ல போயிட்டார், அடுத்து வந்தவருக்குப் பொறுப்பு முழுசா வர்றவரைக்கும் அந்த வரிசைல இருந்தது எல்லாம் நின்னிருக்கு. அப்படின்னா அந்த வரிசைல நான் மட்டும் இருந்திருக்க மாட்டேன். என்னால எழுத முடிஞ்சுச்சு. பேரனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ நம்பி இருக்க எண்பது வயசு குடும்ப ஓய்வூதியக்கார அம்மா என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

வட்டி விஷயத்துக்கு மட்டும் எந்த லெட்டருக்கும் பதில் இல்ல. தொகை பெருசில்ல. தோராயமா மாசத்துக்கு 31,000 ரூபா, 6 சதவீதம்னா ஒரு மாச வட்டி 155. ஜூலை பணம் நாலரை மாசம் லேட், ஆகஸ்ட் மூணரை, செப்டம்பர் ரெண்டரை, அக்டோபர் ஒன்றரை, எல்லாம் கூட்டினா 12 மாசம், ஆக 1,860 ரூபா. நான் நகைக்கடனுக்குக் கட்டின வட்டி கிட்டத்தட்ட இதேதான் வருது. இந்த 6 சதவீதத்த நானா எடுக்கல. ஆந்திரால 2020 மார்ச், ஏப்ரல்ல கொரோனாவக் காரணம் காட்டி சம்பளத்துலயும் பென்ஷன்லயும் ஒரு பகுதிய நிறுத்தி வச்சாங்க, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒரு அம்மா வழக்கு போட்டாங்க, ஹைகோர்ட் 12 சதவீத வட்டி குடுக்கச் சொல்லுச்சு, 2021 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அத 6 சதவீதமா கொறைச்சுச்சு, ஆனா வட்டி குடுக்கத்தான் வேணும்னு சொல்லிடுச்சு. அது அரசாங்கமே முடிவெடுத்து நிறுத்தினது, என்னோடது ஆபீஸ் தாமதம், ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 1984லயே கேரள அரசுக்கு எதிரா பத்மநாபன் நாயர் வழக்குல ஆபீஸ் ஒரு சான்றிதழ நேரத்துக்குக் குடுக்காததால ஓய்வுக்காலப் பணம் லேட்டானதுக்குத்தான், பென்ஷனும் கிராஜுவிட்டியும் அரசாங்கம் போடுற தர்மம் இல்ல, தாமதமானா வட்டி குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இந்த ரெண்டு தீர்ப்பையும் குறிப்பிட்டு ஆணையருக்கு தனியா எழுதியிருக்கேன், அதே காப்பிய கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்துக்கும் மனுவா குடுத்திருக்கேன். 1,860 ரூபாய விடப்போறதில்ல.

ஆன்லைன்ல உயிர்ச் சான்று எடுக்குறவங்க எந்திரிச்சு வர்றதுக்கு முன்னாடி பிரிண்ட வாங்கி மூணு வரிய மட்டும் படிங்க: பி.பி.ஓ. நம்பர் உங்க புக்ல இருக்க மாதிரியே இருக்கா, உத்தரவு குடுத்த அமைப்பு தமிழ்நாடு அரசா, வழங்குற அமைப்பு கருவூலமா பேங்கா. தப்பா இருந்தா அத திருத்த முடியாது, புதுசா எடுக்கணும், அங்கயே அப்பவே எடுக்கச் சொல்லுங்க. வெளி மாநிலத்துல பிள்ளைங்க வீட்ல இருக்கவங்க கூடுதல் கவனமா பாருங்க. அப்புறம் பத்து நாள் கழிச்சு கருவூலத்துக்கு ஒரு போன் போட்டு "என் மஸ்டரிங் உங்க சிஸ்டத்துல ஏறிடுச்சா"ன்னு கேட்டுடுங்க. எங்க குரூப்ல இத சொன்ன அன்னைக்கே பெங்களூர்ல இருக்க ஒரு தமிழ் டீச்சர் அவங்க பிரிண்ட எடுத்துப் பாத்து போட்டோ அனுப்பினாங்க, அதுலயும் பேங்க் பேருதான் இருந்துச்சு, அவங்களுக்கு அவகாசம் முடிய இன்னும் நாள் இருந்ததால உடனே வேற சான்று எடுத்துட்டாங்க.